198-ஐ எதால் வகுப்பது?

அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில், நிகழ்தகவுப் பாடத்தின் பயிற்சிக் கணக்கு ஒன்று. கூடவே ஒரு கேள்வி: "மாமா, இதுக்கு 99 சதவீதம்தானே விடை? பின்னாடி 22/133-ன்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?"

அச்சுப் பிழை இல்லை. 22/133 என்றால் ஏறத்தாழ 16.5 சதவீதம். 99 எங்கே, 16.5 எங்கே? இவ்வளவு பெரிய இடைவெளி ஒரு பள்ளிக் கணக்கில் எப்படி வந்தது என்று பார்த்தால், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பயப்படும் விதத்திலும் அதே இடைவெளி இருப்பது தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு நோயைக் கண்டறிய ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நோய் உள்ளவர்களுக்குச் செய்தால் 99 சதவீதம் பேருக்குச் சரியாகப் பாசிட்டிவ் காட்டும். நோய் இல்லாதவர்களுக்குச் செய்தால் 0.5 சதவீதம் பேருக்குத் தவறுதலாகப் பாசிட்டிவ் காட்டிவிடும். மக்கள்தொகையில் 0.1 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருக்கிறது. இப்போது ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

படத்தை முதலில் சரியாகப் படிப்போம்

அவள் அனுப்பிய படத்தில் புத்தகத்தின் நடு மடிப்பு நிழல் விழுந்து, ஓர் எண் "05%" என்று தெரிந்தது. ஐந்து சதவீதத்தை யாரும் 05 என்று அச்சடிப்பதில்லை. முன்னால் பூச்சியம் நிற்கிறது என்றால், நடுவில் ஒரு புள்ளி இருந்து படத்தில் அழிந்துபோயிருக்க வேண்டும். அது உறுதிதானா என்று பார்க்கவும் அந்தப் பக்கத்திலேயே வழி இருந்தது. அதே செய்தியை அடைப்புக்குறிக்குள் 0.005 என்ற நிகழ்தகவாகவும் புத்தகம் சொல்கிறது. 0.005 என்பது அரை சதவீதம். ஆகவே எண் 0.5தான். இந்தப் புள்ளி எவ்வளவு பெரிய புள்ளி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எண்களைச் சரிபார்த்தபின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும்: யாரில்? 99 சதவீதம், யாரில்? நோய் உள்ளவர்களில். 0.5 சதவீதம், யாரில்? நோய் இல்லாதவர்களில். 0.1 சதவீதம், யாரில்? எல்லா மக்களிலும். மூன்று சதவீதங்கள், மூன்று வெவ்வேறு கூட்டங்கள். கணக்கு கேட்பதோ நான்காவது கூட்டத்தைப் பற்றி: பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது?

அந்த நான்காவது கூட்டத்தைப் பற்றி மூன்று எண்களில் ஒன்றுகூட நேரடியாகப் பேசவில்லை. 99 என்று விடை சொல்பவர், நோய் உள்ளவர்களைப் பற்றிய எண்ணை எடுத்துப் பாசிட்டிவ் வந்தவர்கள்மேல் ஒட்டிவிடுகிறார். கணித மொழியில் சொன்னால், "நோய் இருந்தால் பாசிட்டிவ் வரும்" என்ற நிபந்தனை நிகழ்தகவை, "பாசிட்டிவ் வந்தால் நோய் இருக்கும்" என்று திருப்பிப் போட்டுக்கொள்கிறார். ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அனைவரும் பட்டதாரிகள். அதைத் திருப்பி, பட்டதாரிகள் அனைவரும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் என்று யாரும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் பட்டதாரிகளின் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். பாசிட்டிவ் வந்தவர்களின் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அங்கே தடுமாறுகிறோம். ஆக, செய்ய வேண்டியது அந்தக் கூட்டத்தை எண்ணிப் பார்ப்பதுதான்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுவது

எண்ணுவதற்கு ஆட்கள் வேண்டும். ஒரு ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் எத்தனை பேர் என்பது நம் விருப்பம். ஆனால் அரை ஆள், கால் ஆள் என்று வராதபடி எண்ணைத் தேர்ந்துகொண்டால் வேலை எளிது. ஆயிரம் பேரை எடுத்தால் நோயாளி ஒருவர் மட்டும், அவரில் 99 சதவீதம் என்றால் முக்கால் ஆளுக்கும் மேலாக ஏதோ வரும். ஒரு லட்சம் எடுத்தால் நோயாளிகள் 100 பேர், நன்றாக இருக்கிறது. ஆனால் மற்ற 99,900 பேரில் 0.5 சதவீதம் என்றால் 499.5 என்று அரை ஆள் நிற்கிறார். இரண்டு லட்சம் எடுத்தால் எல்லாம் முழு எண்ணாகிவிடும். அதையே எடுத்துக்கொள்வோம்.

முதல் பிரிப்பு: யாருக்கு நோய்? இரண்டு லட்சத்தில் 0.1 சதவீதம், அதாவது 200 பேருக்கு நோய் உண்டு. மீதி 1,99,800 பேருக்கு இல்லை.

இரண்டாவது பிரிப்பு: யாருக்குப் பாசிட்டிவ்? நோயுள்ள 200 பேரில் 99 சதவீதம், 198 பேர் பாசிட்டிவ். இரண்டு பேர் தப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு நெகட்டிவ் என்றே ரிப்போர்ட் வரும். நோயில்லாத 1,99,800 பேரில் 0.5 சதவீதம், 999 பேர் பாசிட்டிவ். மீதி 1,98,801 பேருக்கு நெகட்டிவ். இதை ஒரு அட்டவணையில் இட்டு, ஓரங்களில் கூட்டுத்தொகையையும் எழுதுவோம்.

| | பாசிட்டிவ் | நெகட்டிவ் | மொத்தம் |
|---|---|---|---|
| நோய் உண்டு | 198 | 2 | 200 |
| நோய் இல்லை | 999 | 1,98,801 | 1,99,800 |
| மொத்தம் | 1,197 | 1,98,803 | 2,00,000 |

இப்போது 198 என்ற கட்டத்தைப் பாருங்கள். நோயும் இருந்து பாசிட்டிவும் வந்தவர்கள் அவர்கள். இந்த எண்ணைக் குறுக்கே, அதன் வரிசையில் வைத்துப் பார்த்தால், 200 நோயாளிகளில் 198 பேர். 198/200, அதாவது 99 சதவீதம். கணக்கில் கொடுத்திருந்த எண் இது. அதே 198-ஐ மேலிருந்து கீழாக, அதன் பத்தியில் வைத்துப் பார்த்தால், பாசிட்டிவ் வந்த 1,197 பேரில் 198 பேர். 198/1,197. மேலும் கீழும் 9-ஆல் வகுத்தால் 22/133. புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடை அதுவே.

நிபந்தனை நிகழ்தகவைத் திருப்புவது என்றால் இவ்வளவுதான். மேலே இருக்கும் எண் மாறவில்லை. ஒரே 198 பேர். அவர்களை எந்தக் கூட்டத்தோடு சேர்த்து நிறுத்துகிறோம் என்பது மட்டும் மாறுகிறது. நோயாளிகளோடு நிறுத்தினால் 99 சதவீதம். பாசிட்டிவ்காரர்களோடு நிறுத்தினால் 16.5 சதவீதம், அதாவது ஆறு பேரில் ஒருவர்.

அந்த 999 பேர்

இதைச் சொன்னதும் அவளிடமிருந்து வந்த அடுத்த கேள்வி: "அப்போ அந்த டெஸ்ட் வேஸ்டா, மாமா?"

வேஸ்ட் இல்லை. பரிசோதனைக்கு முன்பு, கூட்டத்தில் யாரைக் கை காட்டினாலும் அவருக்கு நோய் இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான். பாசிட்டிவ் வந்தபின் அது ஆறில் ஒன்று. 0.1 சதவீதமாக இருந்த சந்தேகம் 16.5 சதவீதமாக, 165 மடங்கு ஏறியிருக்கிறது. இரண்டு லட்சம் பேரில் எங்கே தேடுவது என்று தெரியாமல் இருந்தோம். இப்போது 1,197 பேரில் தேடினால் போதும். பரிசோதனை தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் நோய் உறுதி என்று சொல்லும் வேலை அதனுடையது அல்ல.

விடையை இவ்வளவு கீழே இழுத்தவர்கள் அந்த 999 பேர். 0.5 சதவீதம் என்பது மிகச் சிறிய பிழைதான், இருநூறு பேருக்கு ஒருவர். ஆனால் அந்தச் சிறிய பிழை விழும் இடம் மிகப் பெரிய கூட்டம். நோயில்லாதவர்கள் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர். நோயாளிகளோ வெறும் இருநூறு பேர். எல்லாரையும் கண்டுபிடித்தாலும் இருநூறைத் தாண்டாது. பெரிய கூட்டத்தின் சிறு பங்கு, சிறிய கூட்டத்தின் பெரும் பங்கை ஐந்து மடங்கு மிஞ்சிவிடுகிறது.

அதனால்தான் படத்தில் அழிந்த புள்ளி முக்கியம். அதை 5 சதவீதம் என்று வாசித்திருந்தால் தவறான பாசிட்டிவ்கள் 999 அல்ல, 9,990. விடை 198/10,188, இரண்டு சதவீதத்துக்கும் சற்றுக் கீழே. ஒரு புள்ளி, ஆறில் ஒன்றை ஐம்பதில் ஒன்றாக்கிவிடும். மாறாக, 99 என்ற எண்ணை யாராவது 90 என்று தவறாக வாசித்திருந்தால்? நோயாளிகளில் 180 பேர் பாசிட்டிவ், விடை 180/1,179, அதாவது 15.3 சதவீதம். கிட்டத்தட்ட அதே விடை. அரிதான நோய்க்கான பரிசோதனையில், நோயாளிகளில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதைவிட, நோயில்லாதவர்களில் எத்தனை பேரைத் தவறாகப் பிடிக்கிறது என்பதே பாசிட்டிவுக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்கிறது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் முதல் எண்தான்.

அட்டவணையிலும் வழுக்கும் இடங்கள்

அட்டவணை போட்டுவிட்டாலே விடை சரியாக வந்துவிடும் என்றும் இல்லை. அதிகம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சிலர் சதவீதங்களைப் பார்த்ததும் இரண்டு வரிசைகளுக்கும் சமமாக ஆள் போடுவார்கள்: நோயுள்ளவர்கள் ஆயிரம், நோயில்லாதவர்கள் ஆயிரம். முதல் வரிசையில் 990 பாசிட்டிவ், இரண்டாவதில் 5 பாசிட்டிவ். விடை 990/995, அதாவது 99.5 சதவீதம். ஒவ்வொரு படியும் சரியாகத் தெரியும். ஆனால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு நோய்! கணக்கில் கொடுத்திருந்த 0.1 சதவீதம் எங்குமே பயன்படவில்லை. கொடுத்த எண்களில் ஒன்று தொடப்படாமல் விடை வந்துவிட்டால், விடை தவறு என்பதற்கு அதுவே அடையாளம்.

இயல்பு எண்ணிக்கை என்று இந்த முறைக்குப் பெயர் வந்தது இதனால்தான். ஒரே கூட்டத்தை எடுத்து, அது உண்மையில் எப்படிப் பிரிகிறதோ அப்படியே பிரித்து எண்ண வேண்டும். நோய் அரிது என்றால் அட்டவணையிலும் அந்த வரிசை அரிதாகவே, மெலிந்தே இருக்க வேண்டும். ஒரு பரிசோதனைக் கிட் எவ்வளவு நல்லது என்று மதிப்பிடும் ஆய்வுகளில் நோய் உறுதியானவர்களின் மாதிரிகளையும் நலமானவர்களின் மாதிரிகளையும் தனித்தனியாகச் சேர்த்துச் சோதிப்பது வழக்கம். 99, 0.5 போன்ற எண்களைக் கணக்கிட அது போதும், ஏனென்றால் அவை வரிசைக்குள் அடங்கும் எண்கள். ஆனால் அந்த ஆய்வின் அட்டவணையில் பத்தி வழியாக வகுத்து, பாசிட்டிவ் வந்தவர்களில் இத்தனை பேருக்கு நோய் என்று ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. நோயாளிகள் எத்தனை பேர் என்பதை அங்கே முடிவு செய்தது ஆய்வாளர்; இயற்கை அல்ல.

மற்றொரு வழுக்கல், வகுக்கும் எண்ணில். 198-ஐ மொத்த 2,00,000-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.099 சதவீதம். அது, ஊரில் யாரோ ஒருவரை எடுத்தால் அவருக்கு நோயும் இருந்து பாசிட்டிவும் வர எவ்வளவு வாய்ப்பு என்பதன் விடை. நம் ஆளுக்கோ ஏற்கெனவே பாசிட்டிவ் வந்துவிட்டது. பாசிட்டிவ் பத்தியைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு இனி பொருந்தாது. 198-ஐ 999-ஆல் வகுப்பவர்களும் உண்டு. அது சரியான பாசிட்டிவையும் தவறான பாசிட்டிவையும் ஒப்பிடும் எண். பாசிட்டிவ் வந்த எல்லாரிலும் எத்தனை பங்கு என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. வகுக்கும் எண்ணில் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஹார்வர்டு மருத்துவர்களும் தடுமாறிய கணக்கு

பள்ளி மாணவி தடுமாறியதில் வியப்பில்லை. 1978-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் கேசல்ஸும் அவருடைய சகாக்களும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த 60 மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் அவர்கள் கேட்டது இதே மாதிரிக் கேள்வி: நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு, தவறான பாசிட்டிவ் 5 சதவீதம்; பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு என்ன? புள்ளி அழிந்த நம் கணக்கு எதுவோ, அதுதான் இது. விடையும் அதேபோல ஏறத்தாழ 2 சதவீதம். ஆயிரம் பேரில் நோயாளி ஒருவர், தவறாகப் பாசிட்டிவ் வந்தவர்கள் சுமார் ஐம்பது பேர் என்று எண்ணினாலே கிடைத்துவிடும். 60 பேரில் 11 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். 27 பேர் சொன்ன விடை 95 சதவீதம். நூறிலிருந்து ஐந்தைக் கழித்துவிட்டு, கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் அறிவுக் குறைவா, அல்லது எண்கள் தரப்படும் வடிவமா என்று கேட்டவர் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர். 1995-இல் அவரும் உல்ரிக் ஹாஃப்ராகேயும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அதே கேள்வியைச் சதவீதமாகத் தராமல் ஆட்களின் எண்ணிக்கையாகத் தந்தால் சரியான விடை சொல்பவர்கள் வெகுவாகக் கூடுகிறார்கள் என்று காட்டியது. தனியாகப் பயிற்சி எதுவும் தரவில்லை. எண்களின் உடையை மட்டும் மாற்றினார்கள்.

பின்னர் ஜெர்மனியில் 160 மகப்பேறு மருத்துவர்களுக்கு அவர் நடத்திய பயிற்சியில் மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பற்றிக் கேட்டார். நோய் உள்ள பெண்கள் 1 சதவீதம். நோய் இருந்தால் பாசிட்டிவ் வர 90 சதவீதம். இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் வர 9 சதவீதம். தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சிக்கு முன் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் 21 சதவீதம். ஆயிரம் பெண்களாக எண்ணிப் பார்க்கக் கற்றபின் 87 சதவீதம். எண்ணுவது கடினமே இல்லை: ஆயிரத்தில் 10 பேருக்கு நோய், அவர்களில் 9 பேர் பாசிட்டிவ், மற்ற 990 பேரில் சுமார் 89 பேர் பாசிட்டிவ். 98 பேரில் 9 பேர். பத்தில் ஒருவருக்கும் குறைவு.

சூத்திரம் எங்கே போனது?

தேர்வில் பேயஸ் தேற்றத்தை எழுதினால்தான் மதிப்பெண். ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேயஸ் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1763-இல், அவருடைய நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் வெளிவந்த கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. நம் கணக்குக்கு அது இப்படி வரும்:

```
P(D|+) = (0.001 × 0.99) / (0.001 × 0.99 + 0.999 × 0.005)
       = 0.00099 / 0.005985
       = 22/133
```

இதில் D என்பது நோய் இருப்பது, + என்பது பாசிட்டிவ் வந்தது. ஒவ்வொரு பெருக்கலையும் 2,00,000-ஆல் பெருக்கிப் பாருங்கள். 0.001 × 0.99 என்பது 198 ஆகும். 0.999 × 0.005 என்பது 999 ஆகும். மேலே 198, கீழே 198 + 999. சூத்திரம் வேறு, அட்டவணை வேறு அல்ல. அட்டவணையின் பாசிட்டிவ் பத்தியை ஆட்கள் இல்லாமல் எழுதினால் அதற்குப் பெயர் பேயஸ் தேற்றம். தேர்வுத்தாளில் சூத்திரத்தை எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் அட்டவணை போட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்ல வழக்கம். வரிசைகளின் கூட்டுத்தொகையும் பத்திகளின் கூட்டுத்தொகையும் ஒரே 2,00,000-இல் போய் முடிகின்றனவா என்று பார்த்தால், பெருக்கலில் நழுவிய பூச்சியம் உடனே அகப்பட்டுவிடும்.

அதே ரிப்போர்ட், வேறு ஆள்

16.5 சதவீதம் என்ற விடை அந்தப் பரிசோதனையின் குணம் என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டத்திலிருந்து யாரோ ஒருவரை எடுத்துச் சோதித்தால்தான் அந்த விடை. அறிகுறிகளோடு டாக்டரிடம் வருபவர்களை எடுத்துக்கொள்வோம். இப்படி வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த நோய் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேரில் 200 பேருக்கு நோய். முன்பு இருந்த அதே 200. அவர்களில் அதே 198 பேருக்குப் பாசிட்டிவ். ஆனால் நோயில்லாதவர்கள் இப்போது 1,99,800 அல்ல, 800 பேர். அவர்களில் தவறாகப் பாசிட்டிவ் வருவது 4 பேருக்கு. விடை 198/202, 98 சதவீதம்.

கிட் மாறவில்லை, அதன் திறன் மாறவில்லை, ரிப்போர்ட்டில் அச்சடித்த வார்த்தையும் மாறவில்லை. யாரைச் சோதித்தோம் என்பது மட்டும் மாறியது. அறிகுறி எதுவும் இல்லாமல் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் போய்க் கிடைத்த பாசிட்டிவும், காய்ச்சலும் எடைக் குறைவுமாகப் போய்க் கிடைத்த பாசிட்டிவும் ஒன்றல்ல என்பதற்கு இதுதான் காரணம். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் "உங்களுக்கு என்ன செய்கிறது, வீட்டில் யாருக்காவது இருந்ததா" என்றெல்லாம் கேட்பது, அட்டவணையின் கடைசிப் பத்தியில் எந்த எண்களைப் போடுவது என்று தீர்மானிப்பதற்கு.

இரண்டாவது பரிசோதனை

கூட்டத்தில் எடுக்கப்பட்டுப் பாசிட்டிவ் வந்த அந்த 1,197 பேரையும் இன்னொரு முறை சோதித்தால் என்ன ஆகும்? இப்போது தொடங்கும் கூட்டம் இரண்டு லட்சம் அல்ல, 1,197 பேர். இரண்டாவது பரிசோதனைக்கும் அதே திறன் என்றால், 198 நோயாளிகளில் 196 பேருக்கு மறுபடி பாசிட்டிவ். நலமாக இருக்கும் 999 பேரில் 0.5 சதவீதம், சுமார் 5 பேருக்கு மட்டும் பாசிட்டிவ். இரண்டிலும் பாசிட்டிவ் வந்தவர்கள் 201 பேர், அவர்களில் 196 பேருக்கு உண்மையில் நோய். 97.5 சதவீதம்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. முதல் பரிசோதனை ஒருவரிடம் தவறியதற்கும் இரண்டாவது தவறுவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒருவருடைய ரத்தத்தில் இருக்கும் வேறு ஏதோ எதிர்ப்புப் பொருள் கிட்டை ஏமாற்றிப் பாசிட்டிவ் காட்டவைத்தது என்றால், அதே கிட்டால் எத்தனை முறை சோதித்தாலும் அது ஏமாந்துகொண்டே இருக்கும். 999 பேர் 5 ஆகக் குறைய மாட்டார்கள். அதனால் இரண்டாவது சோதனை வேறு முறையில் இயங்குவதாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்ட கதையிலும் இந்த ஒழுங்கு இருந்தது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டபோது சிலவற்றில் பாசிட்டிவ் வந்தது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டவில்லை. வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறு முறையால் உறுதிசெய்துகொண்டார்கள்.

இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களிலும் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு முதல் சோதனையில் பாசிட்டிவ் வந்தால், உடனே நோய் என்று சொல்லிவிடுவதில்லை. வேறு வகைக் கிட்களால் மேலும் இரண்டு சோதனைகள் செய்து, மூன்றும் பாசிட்டிவ் என்றால்தான் உறுதி. ரத்த வங்கியிலோ கதை வேறு. தானமாக வந்த ரத்தத்தில் ஒரு சோதனை பாசிட்டிவ் காட்டினாலே அந்தப் பையை ஒதுக்கிவிடலாம். அங்கே தவறான பாசிட்டிவுக்கு விலை ஒரு பை ரத்தம். நம்பிக்கை மையத்தில் அதற்கு விலை ஒரு மனிதரின் நிம்மதி. அதே எண்களை வைத்துக்கொண்டு இரு இடங்களிலும் இரு வேறு முடிவுகள் எடுப்பது, அட்டவணையில் எந்தக் கட்டம் அதிகம் வலிக்கும் என்பதைப் பொறுத்தது.

அட்டவணையின் நெகட்டிவ் பத்தியையும் பார்த்துவிட வேண்டும். நெகட்டிவ் வந்தவர்கள் 1,98,803 பேர். அவர்களில் நோய் இருந்தும் தப்பியவர்கள் இரண்டே பேர். ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர். அரிதான நோய்க்கு ஒரு நல்ல பரிசோதனை 'இல்லை' என்று சொன்னால் அதை நம்பலாம். 'இருக்கிறது' என்று சொன்னால் அடுத்த பரிசோதனை எது என்று கேட்க வேண்டும். டாக்டரிடம் அப்போது கேட்க வேண்டிய கேள்வியும் எளியதுதான்: "என்னை மாதிரி ஆட்களில் பாசிட்டிவ் வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருந்தது?"